சளி மாத்திரை அட்டையின் பின்பக்கம்

ஆறாம் மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு மூக்கு அடைத்து, தலை கனத்து, உடம்பு லேசாகச் சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் “சளிக்கு ஒரு மாத்திரை” என்று கேட்கிறார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அட்டையைத் திருப்பினால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: பாராசிட்டமால் 500 மி.கி., ஃபினைலெஃப்ரின் 10 மி.கி., குளோர்பெனிரமைன் 2 மி.கி. முதலாவது, காய்ச்சலுக்கும் வலிக்கும் கர்ப்பக் காலத்தில் மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்து. மூன்றாவது தூக்கத்தை வரவழைக்கும். தேவையா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

சிக்கல் நடுவில் இருப்பதுதான். ஃபினைலெஃப்ரின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து. அதனால் முதல் மூன்று மாதங்களிலும், ரத்த அழுத்தம் அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கும் குறிப்பாக இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மாத்திரையாக விழுங்கும்போது இது மூக்கடைப்பைத் தீர்ப்பதில்லை என்று, 2023இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவே முடிவு சொன்னது. பலனே இல்லாத ஒன்றுக்காக அபாயத்தை ஏற்பானேன்?

இன்னொரு தவறும் இங்கே நடக்கும். சளி மாத்திரை போட்ட கையோடு, காய்ச்சலுக்கென்று 650 மி.கி. பாராசிட்டமாலும் போட்டால், ஒரே வேளையில் 1,150 மி.கி. உள்ளே போய்விடும். கூட்டு மாத்திரையை விட்டுவிட்டு, தனிப் பாராசிட்டமாலை மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும் எடுப்பதே சரி.

உடல்வலிக்கென்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தானாக எடுக்கக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். ஆனால் மருத்துவரே எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினைச் சளி பிடித்ததென்று நிறுத்திவிடக் கூடாது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு உதவாது.

மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வெறும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். கேட்கும்போதே “மருந்து கலக்காத உப்புநீர்” என்று சொல்லி வாங்குங்கள். தொண்டைக் கரகரப்புக்கு வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கலாம். இருமலுக்குத் தேன் ஒரு ஸ்பூன் இதம் தரும். சர்க்கரை உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூடான ரசமோ கஞ்சியோ அடிக்கடி குடிக்கலாம். இரவில் தலையணையை உயர்த்தி, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் மூச்சு சற்று எளிதாகும். ஆவி பிடிப்பதானால் பாத்திரத்தை மேசைமேல் அசையாமல் வையுங்கள். வெந்நீர் கொட்டிப் புண்ணாவது அடிக்கடி நடக்கிறது.

காய்ச்சலோ தொண்டை வலியோ இல்லாமல் வாரக்கணக்கில் மூக்கு மட்டும் அடைத்திருந்தால், அது கர்ப்பத்தாலேயே வரும் அடைப்பாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் அது தானே போய்விடும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.