பின் கேட்டால் அது பரிசல்ல

வீட்டுப் பெரியவர்களுக்காக, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பட அட்டைகள் செய்கிறீர்களா? ஓர் அட்டைக்கு ஒரே செய்தி, பெரிய எழுத்து, மிரட்டாத சொற்கள் போதும்.

முதல் அட்டையில் மோசடிச் செய்தியையே காட்டுங்கள்: ‘இன்று இரவு உங்கள் கணக்கு முடக்கப்படும். கேஒய்சி புதுப்பிக்க இந்த எண்ணை அழையுங்கள்.’ அடுத்ததில் அனுப்பியவர் பெயர் வரும் இடத்தை வட்டமிடுங்கள். வங்கியின் குறுஞ்செய்தி பொதுவாக ஆங்கில எழுத்துகளாலான சுருக்கப் பெயரில் வரும். இதுவோ யாரோ ஒருவரின் பத்து இலக்கக் கைபேசி எண். ஆனால் சுருக்கப் பெயரையும் போலியாக்க முடியும். அதனால் எப்படி வந்தாலும், ஏடிஎம் அட்டையின் பின்புறமுள்ள எண்ணை அழைத்துக் கேட்பதே சரி.

பரிசுச் செய்திக்கு ஓர் அட்டை போதும்: ‘நமக்குப் பணம் வர யூபிஐ பின் தேவையில்லை. பரிசு தருவதாகச் சொல்லிப் பின் கேட்டால், பணம் நம் கணக்கிலிருந்து போகப்போகிறது.’

கடைசி அட்டை, பணத்தை இழந்தவருக்கு. உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். ‘யாரும் திட்டமாட்டோம், உடனே எங்களிடம் சொல்லுங்கள்’ என்றும் அதிலேயே எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதில்தான் அந்த முக்கியமான நேரம் கரைந்துவிடுகிறது.