ஐம்பது கிராம் ஈரலின் கணக்கு

மகள் முழுகாமல் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 என்று வருகிறது. மறுநாள் காலையிலேயே அம்மா கறிக்கடைக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி வந்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வறுத்து, "சாப்பிடு தாயி, ரத்தம் ஊறும்" என்று தட்டில் வைக்கிறாள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இது. ஈரலில் இரும்புச்சத்து இருக்கிறது என்று அந்த அம்மா நினைப்பது சரிதான். ஆனால் அதே ஈரலில் இன்னொரு சத்தும் இருக்கிறது. கருவில் வளரும் குழந்தைக்கு அது கொஞ்சமாக வேண்டும், மிகுந்தால் கெடுதல்.

அது வைட்டமின் ஏ. உடம்பில் சேரும் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதியைச் சேமித்து வைக்கும் கிடங்கு கல்லீரல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் அப்படித்தான், மனிதருக்கும் அப்படித்தான். வைட்டமின் சி போலத் தண்ணீரில் கரையும் சத்து மிகுந்தால் சிறுநீரோடு வெளியேறிவிடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ அப்படி எளிதில் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு விலங்கு வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்ததைத்தான் ஈரல் வறுவலில் ஒரே வேளையில் சாப்பிடுகிறோம். அலசினாலும் வேக வைத்தாலும் அதில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது கணக்குக்கு வரலாம். 100 கிராம் செம்மறியாட்டு ஈரலில் சுமார் 7,400 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கிறது. கோழி ஈரலில் அதில் பாதிக்கும் குறைவு, சுமார் 3,300. விலங்கு தின்ற தீவனத்தையும் அதன் வயதையும் பொறுத்து இது ஏறும், இறங்கும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 800 முதல் 900 மைக்ரோகிராம். விலங்கு உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் நேரடியாகக் கிடைக்கும் வைட்டமின் ஏ, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவ உலகம் வைத்திருக்கும் மேல் எல்லை. 50 கிராம் ஆட்டு ஈரலில் மட்டும் சுமார் 3,700 இருக்கிறது. நாலைந்து துண்டுகளிலேயே அன்றைய எல்லை தாண்டிவிடுகிறது.

கர்ப்பிணி அல்லாத ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை 100 கிராம் சாப்பிட்டால் என்ன ஆகும்? 7,400-ஐ ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். அதனால்தான் பிரிட்டன் சுகாதாரத் துறை, ஈரல் சாப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்கிறது. வாரத்தில் நாலு நாள், அதோடு மீன் எண்ணெய் மாத்திரையும் என்று வருடக்கணக்கில் போனால் தலைவலி, தோல் வறட்சி, முடி உதிர்தல் தொடங்கி எலும்பு பலவீனம், கல்லீரல் பாதிப்பு வரை போகலாம். ஈரலில் யூரிக் அமிலத்தை ஏற்றும் பொருளும் அதிகம் என்பதால், கௌட் என்னும் மூட்டுவலி உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு? வைட்டமின் ஏ உடம்புக்குள் ரெட்டினோயிக் அமிலமாக மாறுகிறது. கருவில் உள்ள செல்கள் தலைப்பக்கமா, வால்பக்கமா, முகமாக வேண்டுமா, இதயமாக வேண்டுமா என்று முடிவு செய்வதில் இந்த அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே அந்தச் செல்களுக்குக் கிடைக்கும் கட்டளை. அளவு குழம்பினால் கட்டளையும் குழம்பும்.

குறைந்தாலும் இதே கதைதான். 1933-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஃப்ரெட் ஹேல் என்னும் ஆராய்ச்சியாளர், வைட்டமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்து ஒரு பெண் பன்றியை வளர்த்தார். அது ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண் விழிகள் இல்லை. இருபது ஆண்டு கழித்து, 1953-இல், சிட்னி கோலன் என்னும் மருத்துவர் சினை எலிகளுக்கு வைட்டமின் ஏ-யை அளவுக்கு மீறிக் கொடுத்தார். அவற்றின் குட்டிகளும் குறையோடு பிறந்தன. மனிதரில் இதைக் காட்டிக்கொடுத்தது கடுமையான முகப்பருவுக்காக 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. அது வைட்டமின் ஏ-யின் உறவு மருந்து. கர்ப்பம் என்று தெரியாமல் அதைச் சாப்பிட்ட பெண்களுக்குக் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் குறைகளோடு குழந்தைகள் பிறந்தன.

ஈரல் அந்த மாத்திரை அல்ல. ஆனால் பிரிட்டனில் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகமாக இருப்பது தெரியவந்ததும், கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புகிறவர்களும் ஈரல் சாப்பிட வேண்டாம் என்று 1990-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. 1995-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 22,748 கர்ப்பிணிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். சத்து மாத்திரையிலிருந்து மட்டுமே நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் எடுத்துக்கொண்ட பெண்களின் குழந்தைகளில், ஏறக்குறைய 57-க்கு ஒன்று என்ற கணக்கில் அந்த மாத்திரையால் குறை நேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் அந்த அளவில் அப்படி ஆபத்து தெரியவில்லை என்றன. எங்கே ஆபத்து தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், தேவைக்குப் பல மடங்கு மேலே போக வேண்டாம் என்பதில் வேறுபாடு இல்லை.

காலமும் முக்கியம். கரு உருவான மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முகமும் இதயமும் மூளையின் அடித்தளமும் அமைந்துவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து பரிசோதிப்பதற்குள்ளேயே அதில் ஒரு பகுதி முடிந்திருக்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஈரலையும் மீன் ஈரல் எண்ணெயையும் நிறுத்தச் சொல்கிறார்கள். தெரியாமல் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டவர் பதறத் தேவையில்லை. கவலைக்குரியதாக ஆய்வுகள் காட்டியது நாள்தோறும் தொடர்ந்து போன மிகை அளவைத்தான். இனி நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொன்னால் போதும்.

கேரட், முருங்கைக்கீரை, மாம்பழம், பரங்கிக்காய் ஆகியவற்றை நிறுத்த வேண்டியதில்லை. அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு அதைத் தேவைக்கு ஏற்பத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது.

அப்படியானால் அந்த 9 என்ன ஆகும்? 50 கிராம் ஆட்டு ஈரலில் இருக்கும் இரும்பு 4 மில்லிகிராமுக்கும் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வைட்டமின் ஏ இல்லை. இறைச்சி இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் ஈரல் அந்த மாத்திரைக்கு ஈடாகாது. கறிதான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் ஈரலுக்குப் பதில் 'சுவரொட்டி' கேட்கலாம். அது ஆட்டின் மண்ணீரல். அதில் இரும்பு ஈரலைவிடப் பல மடங்கு அதிகம், வைட்டமின் ஏ மிகமிகக் குறைவு. பல வீடுகளில் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி வாங்குகிறார்கள். கடையில் வாங்கும்போது எது எது என்று பிரித்துக் கேட்பதும், சுவரொட்டியை நடுவில் சிவப்பு இல்லாதபடி நன்றாக வேக வைப்பதும், மாத்திரையை டீ காபியோடு சேர்க்காமல் விழுங்குவதும் அந்த 9-ஐ ஏற்றுவதற்கு ஈரல் வறுவலைவிடப் பயன்படும்.