ஒரு நிமிடம் கையை எடுக்காதே

தங்கச்சி,

திங்கட்கிழமை ஆண்கள் மெடிக்கல் வார்டில் முதல் போஸ்டிங். ஊசி போடச் சொல்வார்களோ, மயங்கி விழுந்துவிடுவேனோ என்று கேட்டிருந்தாய். எடுத்ததும் ஊசியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். மயக்கமோ, காலையில் சாப்பிடாமல் ஓடிவந்து நெடுநேரம் நிற்பவர்களுக்குத்தான் அதிகம் வரும். இரண்டு இட்லியாவது தின்றுவிட்டு வா. உனக்குக் கிடைக்கப்போகும் வேலை வைட்டல்ஸ் பார்ப்பது: காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. இதில் மூச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாற்றுவது அதில்தான்.

சார்ட்டைப் புரட்டிப் பார். மூச்சுக் கட்டத்தில் பெட் பெட்டாக 20, 20, 20 என்றே இருக்கும். எண்ணாமல் எழுதியது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பி.பி.க்கு மிஷின் இருக்கிறது; மூச்சுக்கு உட்கார்ந்து எண்ண ஓர் ஆள் வேண்டும்.

எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லிவிடாதே. சொன்னால் மூச்சின் போக்கே மாறிவிடும். மணிக்கட்டில் நாடி பார்த்து முடித்ததும் விரலை எடுக்காமல், அந்தக் கையை அவர் வயிற்றின் மேல் வைத்து, நாடி பார்ப்பது போலவே இரு. வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. வாட்ச்சைப் பார்த்து முழு நிமிடமும் எண்ணு. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு பிசகு நான்காகிவிடும். பாத்ரூம் போய் வந்தவரை ஐந்து நிமிடம் இளைப்பாற விடு.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு, அதைக் குழந்தைகள் வார்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் பெட்டில் நிமோனியாவோடு ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள். பி.பி. 120/80, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95. பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். நீ எண்ணினால் மூச்சு 30. அந்த 95-ஐ அவர் இரைத்து இரைத்துத்தான் பிடித்து வைத்திருக்கிறார். நோய் முற்றும்போது உடம்பு முதலில் மூச்சைக் கூட்டித்தான் சமாளிக்கும், பி.பி. இறங்குவது பெரும்பாலும் அதற்கப்புறம். நாலு வார்த்தை பேசுவதற்குள் நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா, கழுத்துச் சதை இழுக்கிறதா என்றும் பார். 25-ஐத் தொட்டாலே உடனே சொல்ல வேண்டிய எண் அது.

"தாத்தாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் யார் காதிலும் ஏறாது. "சிஸ்டர், ஏழாம் பெட், மூச்சு 30, முழு நிமிஷம் எண்ணினேன், காலையில 22 எழுதியிருக்கு" என்று சொல். சிஸ்டர் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, குறுக்கே போய்ச் சொல். திட்டினால் வாங்கிக்கொள், ஆனால் அவர் வந்து பார்க்கும்வரை நகராதே. சார்ட்டில் எண்ணோடு நேரத்தையும் எழுது. அடுத்து எண்ணுபவருக்கு மூச்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

அக்கா