விளையாட்டுப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா?

கோடை விடுமுறை வந்தால் மஹல்லா நூலகங்களிலும் மக்தபுகளிலும் ஓர் அலமாரி நிறைய விளையாட்டுப் பொருட்கள் வாங்கி வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. பிள்ளைகள் கைப்பேசியை விட்டுச் சற்று நேரம் ஒன்றாக உட்கார இது நல்ல வழிதான். வாங்கிய பொருட்களுக்கு ஒரு பட்டியலும் எழுதப்படுகிறது. எத்தனை பேர் ஆடலாம், எந்த வயது, எவ்வளவு நேரம், என்ன பயிற்சி என்று நான்கு கட்டங்கள். பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிரப்பிவிடுகிறோம்.

அந்த விவரங்கள் விற்பவர் எழுதியவை. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நமக்குத் தேவையான கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் எப்படி நிரப்புவது என்று பார்ப்போம்.

எத்தனை பேர்?

கேரம் பெட்டியில் '2–4 பேர்' என்று போட்டிருப்பார்கள். முறைப்படி கேரம் இருவர் ஆடுவது, அல்லது எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணியாக நால்வர் ஆடுவது. மூன்று பிள்ளைகள் வந்தால் ஒருவன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். எனவே பட்டியலில் '2 அல்லது 4' என்று எழுதுவதே சரி.

ஸ்கிராபிள் உண்மையிலேயே 2 முதல் 4 பேர் ஆடக்கூடியது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் சொல்லைத் தேட 2 நிமிடம் எடுத்துக்கொண்டால், நால்வர் ஆடும்போது தன் முறை வர 6 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அதற்குள் எழுந்து போய்விடும். ஆகவே இந்தக் கட்டத்தில் இரண்டு எண்கள் தேவை: எத்தனை பேர் ஆட முடியும், எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும். ஸ்கிராபிளுக்கு '2–4, சிறுவர்களுக்கு 2 நல்லது' என்று எழுதலாம்.

எந்த வயது?

இந்த ஒரே எண்ணுக்குள் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. ஒன்று ஆபத்து, மற்றொன்று புரிதல்.

'3 வயதுக்கு மேல்' என்று இருந்தால் அது பெரும்பாலும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயில் வைக்கும். சிறு பொருள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இதைச் சோதிக்கச் சுமார் 3.2 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பொருள் அதற்குள் முழுவதும் அடங்குகிறதோ, அது சிறு குழந்தைக்கு ஆகாது. தடித்த அட்டையை அந்த அளவுக்குச் சுருட்டி நாமே சோதித்துப் பார்க்கலாம். கேரம் காய்கூட ஏறக்குறைய இந்த அளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியுள்ளது. அது இல்லாத பெட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது.

'8 வயதுக்கு மேல்' போன்ற எண்கள் புரிதலைக் குறிப்பவை. அதை யாருக்காக எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். ஆங்கில ஸ்கிராபிளுக்கு அந்த எண் போடப்பட்டிருந்தால், ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் எட்டு வயதுப் பிள்ளையை மனதில் வைத்துப் போட்டது. தமிழ்வழியில் படிக்கும் நம் பிள்ளைக்கு அது 11 அல்லது 12 ஆகலாம். எனவே வயதுக் கட்டத்தில் 'வாசிக்கத் தெரிய வேண்டுமா? எந்த மொழியில்?' என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எவ்வளவு நேரம்?

அஸருக்குப் பிறகு பிள்ளைகள் கூடுகிறார்கள், மக்ரிப் பாங்குக்கு முன் முடிக்க வேண்டும் என்றால் இந்தக் கட்டம்தான் முக்கியம். நேரத்தை நாமே கணக்கிடலாம்.

பாம்பும் ஏணியும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 100 கட்டங்கள். ஒரு முறைக்குச் சராசரியாக 3.5 கட்டம் நகர்வோம். பாம்பும் ஏணியும் இல்லை என்றே வைத்துக்கொண்டால் ஒருவர் மேலே போய்ச்சேர ஏறக்குறைய 29 முறை ஆட வேண்டும். ஒரு முறைக்கு 10 விநாடி என்றால், நான்கு பேருக்கு 1,160 விநாடி, அதாவது சுமார் 20 நிமிடம். ஏணி இதைக் குறைக்கும், பாம்பு நீட்டும். ஆகவே '15–40 நிமிடம்' என்று எழுதுவது நேர்மை. இருவர் ஆடினால் இதில் பாதிதான்.

லூடோவில் வேறு சிக்கல். ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும் என்ற விதிப்படி ஆடினால், ஆறு முறை போட்டும் ஆறு விழாமல் போக மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். கேரமில் 'ஒரு போர்டு' வேறு, 'ஒரு கேம்' வேறு. முறையான போட்டியில் 25 புள்ளி எடுக்கும்வரை அல்லது 8 போர்டு முடியும்வரை ஒரு கேம் நடக்கும். பட்டியலில் எதன் நேரம் என்று குறிப்பிடாவிட்டால் சண்டைதான் வரும். முதல் முறை ஆடும்போது விதி சொல்லிக்கொடுக்கும் நேரத்தையும் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

என்ன பயிற்சி?

'நினைவாற்றல் வளரும், மூளை கூர்மையாகும்' என்று எல்லாப் பெட்டியிலும் ஒரே வாசகம் இருக்கும். இதைப் பட்டியலில் எழுதக் கூடாது. தன் முறை வரும்போது பிள்ளை கையாலும் வாயாலும் மனதாலும் என்ன செய்கிறது என்பதை வினைச்சொல்லாக எழுத வேண்டும்.

பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் பிள்ளை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. விழுந்த எண்ணுக்கு நகர்கிறது, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் பயிற்சி எதுவும் இல்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உண்டு, சரியாக ஆடினால்.

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துச் சிறு குழந்தைகளை 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய பலகையில் ஆட வைத்தார்கள். கால் மணி நேரம் அளவில் நான்கு அமர்வுகள் மட்டுமே. எண்களைப் பற்றிய அறிவு தெளிவாக உயர்ந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் மட்டும் பூசிய பலகையில் ஆடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. சீக்லர் பின்னர் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நகரும்போது கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லி எண்ணினால்தான் முழுப் பயன்.

அதாவது 23-இல் நிற்கும் பிள்ளைக்கு 4 விழுந்தால், 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று தாண்டுவதில் பலன் குறைவு. 'இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு' என்று சொல்லிக்கொண்டு நகர வேண்டும். எனவே பட்டியலில் எழுத வேண்டியது இது: 'கட்டத்து எண்ணை உரக்கச் சொல்லி முன்னோக்கி எண்ணுதல், 5–7 வயது.'

ஓர் உதாரணம்: பல்லாங்குழி

நான்கு கட்டங்களையும் நமது வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழிக்கு நிரப்பிப் பார்ப்போம். எதிரெதிரே ஏழேழு குழி, மொத்தம் 14. குழிக்கு 5 முத்து வைத்தால் 70 முத்து. தன் பக்கக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கையிலிருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கு அப்பால் உள்ள குழியின் முத்துக்கள் அவருக்கு. ஊருக்கு ஊர் விதி சற்று மாறும். நம் ஊர் விதியை ஒரு தாளில் எழுதிப் பலகையுடன் வைத்துவிட வேண்டும்.

பேர்: 2 மட்டும்.

நேரம்: ஒரு சுற்று 10–20 நிமிடம். தோற்றவர் நிரப்ப முடியாத குழிகளை மூடிவிட்டு அடுத்தடுத்த சுற்று ஆடினால் ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். 'ஒரு சுற்று' என்று குறிப்பிட வேண்டும்.

பயிற்சி: ஆறு வயதில், விரலால் ஒவ்வொன்றாக எடுத்து இடுதல், எண்ணுதல். பத்து வயதில், அள்ளும் முன்பே கடைசி முத்து எங்கே விழும் என்று மனதில் எண்ணிப் பார்த்து, குழியைத் தேர்ந்தெடுத்தல். ஒரே பலகைக்கு இரண்டு வரிகள் எழுத வேண்டியிருக்கிறது.

வயது: புரிதலுக்கு 6 போதும். ஆபத்தைப் பொறுத்தவரை, புளியங்கொட்டையும் சோழியும் சிறு பொருட்கள். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி, தங்கை இருக்கும் அறையில் கூடாது. சில வீடுகளில் கறுப்பு முனையுள்ள சிவப்புக் குன்றிமணியை முத்தாகப் பயன்படுத்துவார்கள். அது கடும் நஞ்சு. ஓடு உடைந்தோ மெல்லப்பட்டோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. எந்த வயதுப் பிள்ளைக்கும் அதைக் கொடுக்காமல், புளியங்கொட்டைக்கு மாற்றிவிட வேண்டும்.

மேலும் சில பொருட்கள்

- ஜோடி அட்டை (கவிழ்த்து வைத்து ஒரே படம் தேடுவது): 2–4 பேர், 4 வயது முதல், 10–15 நிமிடம், படம் இருந்த இடத்தை நினைவில் வைத்தல்.
- ஜெங்கா (54 மரக்கட்டைக் கோபுரம்): எத்தனை பேரும், 3–4 நல்லது, 6 வயது முதல், 10–20 நிமிடம், எந்தக் கட்டை தளர்ந்திருக்கிறது என்று விரலால் அறிந்து மெதுவாக இழுத்தல்.
- கேரம்: 2 அல்லது 4 பேர், 7 வயது முதல், ஒரு போர்டு 10–20 நிமிடம், கோணம் பார்த்தல், அடியின் வேகத்தை அளந்து சுண்டுதல்.
- டான்கிராம் (7 துண்டுகளால் உருவம் அமைத்தல்): 1 பேர், 5 வயது முதல், ஓர் உருவத்துக்கு 5–10 நிமிடம், துண்டைத் திருப்பி, புரட்டி இடம் பொருத்துதல்.

நேரமும் வயதும் நாம் வைத்த தொடக்க மதிப்பீடுகளே. பட்டியலின் ஓரத்தில் இடம் விட்டு, மூன்று முறை ஆடிய பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுதிய நேரத்தைக் கொண்டு திருத்துங்கள்.

நமக்கு ஐந்தாவது கட்டம் ஒன்று வேண்டும்

அது 'பகடை உண்டா?' என்பது. நர்தஷீர் என்ற பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பந்தயம் இல்லாவிட்டாலும் அந்த ஆட்டம் கூடாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பகடை வரும் மற்ற ஆட்டங்களுக்கும் இது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சதுரங்கம் குறித்தும் அவ்வாறே. பட்டியல் எழுதுபவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. 'பகடை உண்டு', 'இல்லை' என்று எழுதிவிட்டால், பெற்றோர் தாம் பின்பற்றும் ஆலிம்களைக் கேட்டு முடிவு செய்துகொள்வார்கள். மேலே தந்த நான்கிலும் பல்லாங்குழியிலும் பகடை இல்லை. எண் பலகை ஆய்விலும் பகடை இருக்கவில்லை. சுழற்றிவிடும் முள் ஒன்றைத்தான் பயன்படுத்தினார்கள்.

இப்படி எழுதிய தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மூன்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது, மக்ரிபுக்கு இருபது நிமிடமே இருக்கும்போது, எந்தப் பெட்டியை எடுப்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும், இன்ஷா அல்லாஹ்.