தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள்

தலைச்சன் ஈற்று. ஜெர்சி கலப்பினக் கிடேரி. ஒரு மணி நேரத்துக்கும் மேல் முக்கியும் முடியாமல், இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்த பிறகுதான் கன்று வெளியே வந்தது. தலை வீங்கி, நாக்கு நீலம் பாய்ந்து, அசைவில்லாமல் கிடக்கிறது. இந்த நேரத்தில் பல ஊர்களில் கை தானாகவே கன்றின் பின்னங்கால்களைத் தேடும். தூக்கித் தொங்கவிட்டால் நுரையீரல் தண்ணீர் வடியும் என்று நம்பிக்கை. வாய் வழியே தண்ணீர் கொட்டத்தான் செய்யும். ஆனால் அதில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவது. தொங்கும்போது குடலும் ஈரலும் சரிந்து உதரவிதானத்தை அழுத்துவதால், மூச்சுவிடத் தவிக்கும் கன்றுக்கு இன்னும் சிரமம்தான்.

முதலில் இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், விலாவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இதயம் துடித்தால் நம்பிக்கை உண்டு. தொப்புள்கொடி அறுந்ததுமே தாயிடமிருந்து வந்த பிராணவாயு நின்றுவிட்டது. இனி கன்றே மூச்சு இழுத்தாக வேண்டும், அதுவும் ஓரிரு நிமிடங்களுக்குள்.

வாயிலும் மூக்கிலும் உள்ள கோழையை விரலால் வழித்தெடுங்கள். பிறகு கன்றை ஒருக்களித்துக் கிடக்கவிடாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, பின்னங்கால்களை இரு பக்கமும் முன்னோக்கி மடக்கி, தவளை உட்கார்ந்ததுபோல வையுங்கள். ஒருக்களித்துக் கிடந்தால் அடியிலுள்ள நுரையீரல் நசுங்கும். இப்படி வைத்தால் இரண்டும் விரியும்.

அடுத்தது ஒரு வைக்கோல் துரும்பு. சுத்தமான துரும்பை மூக்குத் துவாரத்துக்குள் சில அங்குலம் விட்டுத் திருகினால் கன்று தலையை உதறி, தும்மல்போல ஒரு மூச்சை வெடுக்கென்று இழுக்கும். அந்த முதல் இழுப்புதான் வேண்டும். தலையிலும் காதிலும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் அதே திடுக்கிடல் வரும். கூடவே சாக்குத் துணியால் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிலர் மூக்கில் வாய் வைத்து ஊதுவார்கள். காற்று பாதி வயிற்றுக்குள் போய்விடும். மாட்டுக்குப் புரூசெல்லா நோய் இருந்தால் ஊதியவருக்கும் தொற்றலாம். அந்த வேலைக்கென முகமூடி வைத்த கைப்பம்பு இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைக்கலாம்.

மூச்சு வந்ததோடு முடியவில்லை. நல்ல கன்று ஐந்து நிமிட வாக்கில் தலையைத் தூக்கித் தானாக நிமிர்ந்து உட்காரும். கால் மணி நேரமாகியும் உட்காராவிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கக்கூடும். தேய்ப்பதால் அது தீராது. தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

சீம்பாலிலும் ஒரு கவனம் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் சில மணி நேரத்துக்குள். ஆனால் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். சப்பாத கன்றுக்குப் புட்டியில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதற்குக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் பழக்கப்பட்ட கையால்.