கிரிக்கைத் தாண்டுவதற்கு முன் ஒரு கேள்வி: எண்ணெயை எங்கே நிரப்புவது?

கமுந்திங்கிலிருந்து கிளந்தானுக்குச் சாலை வழியே போகிறவர்கள் கோலகங்சார், லெங்கோங் வழியாகக் கிரிக் சென்று, அங்கிருந்து கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஜெலியில் இறங்குவார்கள். ஜெலியில் மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. பேராக்கிலிருந்து அங்கே படிக்கப் போகும் மாணவர்களுக்கு இது பழகிய வழி. கிரிக் வரை சிக்கல் இல்லை. ஊருக்கு ஊர் பெட்ரோல் நிலையம் உண்டு. கிரிக்கைத் தாண்டினால் ஜெலி வரை ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்குக் காடும் மலையும்தான்.

இந்தச் சாலை 1982-இல் திறக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆயுதப் போராட்டம் ஓயாத காலம் என்பதால், தொடக்க ஆண்டுகளில் இரவு நேரத்தில் போக்குவரத்துக்கு மூடிவிடுவார்கள். சாலையின் இருபுறமும் பெலும், தெமெங்கோர் காடுகள். மக்கள் குடியிருப்பு குறைந்த இடத்தில் பெட்ரோல் நிலையம் நடத்த யாரும் முன்வருவதில்லை. ஆகவே, நடுவழியில் எண்ணெய் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக்கூடாது. வழியில் எங்காவது ஒரு பம்பைக் கண்டால் அது இலாபம், அவ்வளவுதான். இச்சாலையில் பல இடங்களில் கைத்தொலைபேசி அலை கிடைக்காமல் போகலாம். யானைகள் சாலையைக் கடக்கும். எண்ணெய் தீர்ந்து இங்கே நிற்பது, ஊருக்குள் நிற்பதைப் போன்றதல்ல.

அப்படியானால் எங்கே நிரப்ப வேண்டும்? 'கிரிக்கில்' என்று உடனே பதில் சொல்லத் தோன்றும். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

முதலில், வண்டி காட்டும் எண்ணைப் புரிந்துகொள்வோம். இன்றைய கார்களின் முகப்பில் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்று ஓர் எண் தெரியும். வண்டிக்குள் இருக்கும் கணினி, சற்று முன்பு வரை ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து, தொட்டியில் மிச்சமிருக்கும் எண்ணெயால் பெருக்கி அந்த எண்ணைத் தருகிறது. அது கடந்து வந்த சாலையின் கணக்கு. முன்னால் இருக்கும் மலை அதற்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. சமதளச் சாலைகளில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த ஒரு கார் கிரிக்கை அடையும்போது 150 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. ஜெலிக்கு 120தான், 30 கிலோமீட்டர் மிச்சம் என்று ஓட்டுநர் நினைப்பார். ஆனால் 150-ஐ 16-ஆல் வகுத்தால் தொட்டியில் இருப்பது ஏறக்குறைய 9.4 லிட்டர். நான்கு பேரும் பெட்டிகளும் ஏற்றிய அதே கார், குளிர்சாதனமும் ஓட, மலையேற்றத்தில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் மட்டுமே கொடுத்தால் அந்த எண்ணெய் 103 கிலோமீட்டருக்குத்தான் போதும். கணினி பொய் சொல்லவில்லை. நாம் வேறொரு சாலையின் எண்ணை இந்தச் சாலைக்குப் பயன்படுத்திவிட்டோம்.

ஆகவே உங்கள் வண்டிக்கு இரண்டு எண்கள் வேண்டும்: சமதளத்தில் லிட்டருக்கு எவ்வளவு, சுமையோடு மலையேறும்போது எவ்வளவு. கண்டுபிடிப்பது எளிது. எண்ணெய்க் குழாய் முதல் முறை தானாக நிற்கும் வரை நிரப்பி, தூரமானியைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஓடிய பிறகு அதே போல மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். மலைச் சாலையில் ஒருமுறை இப்படி அளந்துவிட்டால், அந்த எண் முகப்பில் தெரியும் எண்ணைவிட நம்பகமானது.

அடுத்து, எங்கே நிற்பது என்ற முடிவு. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் இந்தக் கேள்வியைப் பாடத்தில் சந்தித்திருப்பார்கள். நிலையங்களின் தூரம் தெரியும், முழுத் தொட்டியில் எவ்வளவு ஓடும் என்பதும் தெரியும். மிகக் குறைந்த தடவை நின்று போய்ச் சேர வேண்டும். இதற்கு விடை: முழுத் தொட்டியில் எட்டக்கூடிய கடைசி நிலையம் வரை போ, அங்கே நிரப்பு, மறுபடியும் அதையே செய். நிரூபணமும் சிறியது. வேறு எந்தத் திட்டத்திலும் முதல் நிறுத்தம் உங்கள் முதல் நிறுத்தத்தைத் தாண்டி இருக்க முடியாது. ஆகவே நீங்கள் ஒருபோதும் பின்தங்க மாட்டீர்கள்.

இந்த விடை தேர்வுத்தாளுக்குச் சரி. ஆனால் அது சத்தமில்லாமல் இரண்டு விஷயங்களை நம்புகிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண் மாறாது என்பது ஒன்று. போய்ச் சேரும் நிலையத்தில் எண்ணெய் கட்டாயம் கிடைக்கும் என்பது மற்றொன்று. முதலாவது மாறும் என்று பார்த்தோம். இரண்டாவதும் உறுதியில்லை. சிறிய ஊர் நிலையங்கள் இரவில் மூடப்படலாம். மின்சாரம் போனால் பம்பு ஓடாது. நிலத்தடித் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தாலும் ஒரு சொட்டுகூட வராது. பெருநாள் காலத்தில் கிளந்தானுக்குத் திரும்பும் வாகனங்கள் வரிசை கட்டும்போது கையிருப்பு தீர்ந்துபோவதும் உண்டு.

எனவே தொலைதூரச் சாலைக்குக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நிலையத்தைக் கடக்கும் முன் இப்படிக் கேளுங்கள்: அடுத்த நிலையத்தில் எண்ணெய் இல்லையென்றால், என்னிடம் இருப்பதை வைத்து அதற்கும் அடுத்த நிலையத்துக்குப் போக முடியுமா? முடியாவிட்டால், இங்கேயே திரும்பி வர முடியுமா? இரண்டுக்கும் 'முடியாது' என்றால், இங்கேயே நிரப்ப வேண்டும்.

இதை ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். தொட்டி 4 லிட்டர். கிரிக் வரை லிட்டருக்கு 45 கிலோமீட்டர், இருவர் அமர்ந்து மலையேறினால் 35 என்று வைத்துக்கொள்வோம். தூரங்களையும் வசதிக்காக முழு எண்ணாக்குவோம்: கமுந்திங்கிலிருந்து கோலகங்சார் 40, அங்கிருந்து லெங்கோங் 45, பிறகு கிரிக் 50, கடைசியாக ஜெலி 120. கமுந்திங்கில் தொட்டியை நிரப்பிப் புறப்படுகிறோம்.

கோலகங்சாரில் 0.9 லிட்டர் செலவாகி, 3.1 லிட்டர் மிச்சம். இது 140 கிலோமீட்டருக்குப் போதும். லெங்கோங்கில் எண்ணெய் இல்லையென்றாலும், 95 கிலோமீட்டரில் உள்ள கிரிக்குக்குப் போய்விடலாம். ஆகவே நிற்க வேண்டாம்.

லெங்கோங்கில் 85 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மிச்சம் ஏறக்குறைய 2.1 லிட்டர், தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. பலரும் நிற்காமல் போகும் இடம் இது. ஆனால் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கிரிக் முழுவதும் மின்சாரம் போயிருந்தால்? ஜெலி 170 கிலோமீட்டர் தூரம், முடியாது. கிரிக் போய் லெங்கோங்குக்குத் திரும்ப 100 கிலோமீட்டர் வேண்டும். கையில் இருப்பது 95 கிலோமீட்டருக்கான எண்ணெய். அதுவும் முடியாது. எனவே, பாதித் தொட்டி இருந்தும் லெங்கோங்கில் நிரப்ப வேண்டும். இந்த முடிவை எண்ணெய் முள்ளைப் பார்த்து எடுக்க முடியாது. நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கிரிக்கில் மறுபடியும் நிரப்ப வேண்டும். சுமார் 1.1 லிட்டர்தான் பிடிக்கும். ஆனால் அந்த 1.1 லிட்டர் இல்லாமல் ஏறினால் 2.9 லிட்டரில் மலைச்சாலையில் ஏறக்குறைய 101 கிலோமீட்டர்தான் ஓடும்; ஜெலிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர் முன்பே வண்டி நின்றுவிடும். லெங்கோங், கிரிக் இரண்டையும் விட்டுவிட்டு ஏறியவரின் நிலை இன்னும் மோசம். அவரிடம் 1 லிட்டர் இருக்கும். 35 கிலோமீட்டரில், பண்டிங் தீவுப் பக்கம் எங்காவது நிற்க வேண்டியதுதான்.

முழுத் தொட்டியோடு ஏறினாலும் இந்த மோட்டார் சைக்கிளுக்கு 140 கிலோமீட்டர்தான் எல்லை. அதில் பாதி 70. கிரிக்கிலிருந்து 70 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் திரும்பி வர எண்ணெய் போதாது. ஜெலிக்குப் போவது ஒன்றே வழி. மழைக்காலத்தில் மண்சரிவால் இந்தச் சாலை மூடப்படுவது உண்டு. ஆகவே சாலை திறந்திருக்கிறதா என்று கிரிக்கிலேயே விசாரித்துவிட்டு ஏறுவதும் எண்ணெய்க் கணக்கின் ஒரு பகுதிதான்.

அடிக்கடி நின்றால் செலவு கூடாதா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியில் அது நியாயமான கேள்வி. அங்கே கைகுனாவிலிருந்து பல்லடோனியா ஏறக்குறைய 180 கிலோமீட்டர், அடுத்து நார்ஸ்மன் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். வழியோர நிலையங்களில் எண்ணெய் விலை நகரத்தைவிட அதிகம். எங்கே எவ்வளவு ஊற்றுவது என்று பார்த்துச் செலவு செய்வார்கள். ஆனால் அங்கும் பல்லடோனியாவில் எண்ணெய் இல்லையென்றால் 370 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும் என்பதால், கைகுனாவில் விலை பார்த்து விட்டுவிட முடியாது. நம் தீபகற்பத்திலோ ரோன்95-இன் விலையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. கமுந்திங்கிலும் கிரிக்கிலும் அதே விலைதான். முன்கூட்டியே நிரப்புவதால் பணம் கூடுவதில்லை. செலவாவது ஐந்து நிமிடம்.

கணக்கு தவறி, மலையில் எண்ணெய் விளக்கு எரிந்துவிட்டால்? இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டோ, இயந்திரத்தை அணைத்தோ உருட்டிச் செல்லாதீர்கள். இயந்திரம் அணைந்தால் காரின் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். எண்ணெயும் மிச்சமாகாது. எரிபொருள் பீய்ச்சும் முறையில் இயங்கும் இன்றைய இயந்திரங்கள், கியரில் இறங்கும்போது பெடலை விட்டுவிட்டால் எண்ணெயைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் இயந்திரம் அணையாதிருக்க எண்ணெய் எரியும். குளிர்சாதனத்தை அணைத்து, வேகத்தைக் குறைத்து, சீராக ஓட்டுவதே சரி. பிளாஸ்டிக் போத்தலில் பெட்ரோலைப் பையில் வைத்துக்கொண்டு போவதும் தீர்வல்ல. வெயிலில் ஆவி பெருகிக் கசிந்தால் ஒரு பொறி போதும்.

அடுத்த முறை கிரிக் வழியாகப் போகும் முன் ஒரு துண்டுத் தாளில் ஊர்ப் பெயர்களையும் இடையிலுள்ள தூரங்களையும் எழுதி, உங்கள் வண்டியின் இரண்டு எண்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊரிலும் நின்று யோசிக்கத் தேவையில்லை; எங்கே நிற்க வேண்டும் என்பது வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.