காய்ச்சல் இறங்கிய பிறகும் ஓடும் நாடி

41 வயதுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு நான்கு நாள் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறவர். படுக்கையை விட்டு எழும் முன் எண்ணினால் அவருடைய நாடி நிமிடத்துக்கு 58. கொரோனா வந்து எட்டு நாள் படுத்துவிட்டார். காய்ச்சல் விட்டு நான்கு நாளாயிற்று. வாய்க் கசப்பு போய் இட்லியும் ருசிக்கிறது. ஆனால் காலை நாடி 71. ஓடப் போகலாமா?

காய்ச்சல் இருக்கும்போது நாடி ஏறுவதற்குக் காரணம் எளிது. உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி ஏறக்குறைய பத்துத் துடிப்பு கூடும். ஆனால் சூடு இறங்கிய பிறகும் இவருக்கு 13 துடிப்பு மிச்சம் நிற்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நோய் எதிர்ப்பு வேலை இன்னும் முழுதாக அடங்கவில்லை என்பது ஒன்று. மற்றொன்று, படுத்தே கிடந்ததில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிட்டது என்பது.

இரண்டாவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓய்வில் இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் வேண்டும். 58 முறை துடித்து அதைக் கொடுக்கும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் 86 மில்லி தள்ளுகிறது. திரும்பி வரும் ரத்தம் குறைந்து, ஒரு துடிப்புக்கு 70 மில்லிதான் தள்ள முடிகிறது என்றால், அதே 5 லிட்டருக்கு 71 முறை துடித்தாக வேண்டும். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். எந்த நோயும் இல்லாமலேயே அவர்களுடைய உச்ச உழைப்புத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்தது. நோயும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

கைக்கடிகாரக் கருவிகளின் பதிவுகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. கொரோனா வந்தவர்களின் நாடி முதலில் ஏறியது, பிறகு சில நாள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது, மறுபடி ஏறி நீண்ட நாள் அங்கேயே நின்றது. பழைய எண்ணுக்குத் திரும்பச் சராசரியாக 79 நாள் பிடித்தது. இதில் கவனிக்க வேண்டியது நடுவில் வரும் அந்த இறக்கம். “நாடி 54தான், முன்னைவிட நன்றாக இருக்கிறேன்” என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்ப வைப்பது அதுதான். டெங்கு தேறும் நாட்களிலும் நாடி இப்படி வழக்கத்தைவிட மெதுவாக ஓடுவது சாதாரணம். அது உடல் தேறும் கட்டத்தில் வருவது. பயிற்சிக்குத் தயார் என்று அதற்குப் பொருள் கிடையாது.

தடுப்பூசிக்குப் பிறகு வருவது இதன் சின்ன வடிவம். கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் நாடி சராசரியாக இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கியது. கைவலி, காய்ச்சல், உடல்வலி போய், காலை நாடியும் பழைய எண்ணுக்கு அருகே வந்துவிட்டால் மெதுவாகத் தொடங்கலாம். எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிக்குப் பிறகு அரிதாக, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இதயத் தசையில் அழற்சி வந்தது. அதனால் 2021இல் சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம் ஊசிக்குப் பின் முதலில் ஒரு வாரமும் பிறகு இரண்டு வாரமும் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்றது. இந்தியாவில் பரவலாகப் போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

இனி நாடியை எண்ணும் முறை. விழித்ததும், காபிக்கு முன், படுத்தபடியே மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மூன்று விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். பிறகு எழுந்து சுவரில் லேசாகச் சாய்ந்து பத்து நிமிடம் நின்று மறுபடி எண்ண வேண்டும். நிற்கும்போது பத்து, இருபது கூடுவது இயல்பு. பெரியவர்களுக்கு 30க்கு மேல் கூடி, தலை கிறுகிறுத்து, இது பல நாள் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாடியை அடக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

நம் ஆசிரியர் 71உடன் ஓடக் கூடாது. ஆனால் 58 வரும்வரை மூன்று மாதம் சும்மா உட்கார வேண்டியதும் இல்லை. காய்ச்சல் மாத்திரை இல்லாமல், எந்த அறிகுறியும் இல்லாமல் ஏழு நாள் கழிய வேண்டும். மாடி ஏறுவது, துணி துவைப்பது போன்ற வீட்டு வேலைகள் களைப்பில்லாமல் முடிய வேண்டும். காலை நாடியும் இறங்குமுகமாக இருக்க வேண்டும். இவருக்குப் பதினொன்றாம் நாள் 66 வந்தது. அன்று சமதளத்தில் 15 நிமிடம் நடந்தார். 220இலிருந்து வயதைக் கழித்தால் 179. அதில் எழுபது சதவீதம் 125. நடக்கும்போது நாடி அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். இந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகும் என்பதால், முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்றும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் 30 நிமிட நடை. அதற்கடுத்த வாரம் ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றி. அந்த வாரத்தில் ஒரு நாள் கால்கள் லேசாக இருக்கவே ஆசைப்பட்டு 4 கிலோமீட்டர் விடாமல் ஓடிவிட்டார். மறுநாள் காலை நாடி 64, ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றியது. அதற்கடுத்த நாள் 73. கால்கள் கனத்தன, பாடம் நடத்தும்போது சொல் தடுமாறியது. தொற்றுக்குப் பிறகு மீறிச் செய்த உழைப்புக்கான தண்டனை பல சமயம் இப்படி ஒரு நாள், இரண்டு நாள் தள்ளித்தான் வரும். அதனால்தான் ஒரு படி ஏறியதும் அடுத்த இரண்டு காலைகளைப் பார்த்த பிறகே மறு படி. அவர் இரண்டு நாள் முழு ஓய்வெடுத்து, முந்தைய வாரத்து நடைக்குத் திரும்பினார். ஏழாம் வாரம் நாடி 60இல் நின்றது. 5 கிலோமீட்டரை மெதுவாக ஓடி முடித்தார்.

நாடி எண் என்ன சொன்னாலும் நின்றுவிட வேண்டிய இடங்கள் உண்டு. நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம், தாளம் தப்பித் துடிக்கும் நாடி ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஈ.சி.ஜி.யும், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எக்கோவும் எடுப்பார்கள். இதயத் தசை அழற்சி என்று உறுதியானால், கடும் பயிற்சியைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் நிறுத்தச் சொல்வார்கள்.

ஆசிரியருக்குக் கடைசிவரை உதவியது 58 என்ற அந்தப் பழைய எண்தான். காய்ச்சல் வருவதற்கு முன்பே அதை எழுதி வைத்திருந்ததால், 71 அவருக்கு அதிகம் என்று தெரிந்தது. பொது அட்டவணையில் 60 முதல் 100 வரை எல்லாமே சரியான நாடி என்றுதான் போட்டிருக்கும்.